குருட்டுப் புள்ளியின் வருகைப் பதிவு

அச்சுப்பொறியிலிருந்து தாள் வந்து விழுந்ததும் அவர் அதை உடனே பார்க்கமாட்டார். ஓரத்தைப் பிடித்து ஈரத் துணியைப் போல இரண்டு தடவை உதறுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலேயே, தாளில் சாம்பல் வட்டமாக விரிந்திருக்கும் படத்தில் ஓர் இடத்தைத் தொடுவார். வலக்கண் தாள் என்றால் நடுவிலிருந்து வலப்புறம், இடக்கண் என்றால் இடப்புறம், கொஞ்சமே கொஞ்சம் கீழே. அங்கே ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். "உள்ளேன் ஐயா" என்று அதன் சார்பில் அவரே முணுமுணுத்துக்கொள்வார். வருகைப் பதிவு முடிந்த பிறகுதான் மற்ற விஷயம்.

அந்தப் பொட்டு நோய் அல்ல. விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு புறப்பட்டு வெளியேறுகிற வாசல் அது. வாசலில் திரை கிடையாது, அதனால் அங்கே பார்வையும் கிடையாது. ஒவ்வொரு கண்ணிலும் அப்படி ஓர் இடத்தில் எல்லோருமே குருடுதான். அது தெரியாமலே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பென்ஷன் வாங்கி, போய்ச் சேர்ந்துவிடுகிறோம். கண் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருக்கு இந்தச் செய்தியில் ஒரு தனிப்பட்ட ஆறுதல் உண்டு.

அவர் வேலை எளியது. பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரம். நோயாளி தாடையை அதன் வாயில் வைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மூடி. மற்றக் கண் நடுவில் எரியும் மஞ்சள் விளக்கை விட்டு நகரக்கூடாது. கிண்ணத்தில் அங்கே இங்கே மின்மினி மாதிரி வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கே தெரிந்தது, எங்கே தெரியவில்லை என்று இயந்திரம் படம் போட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான். நாள் முழுக்க அவர் சொல்லுகிற ஒரே வார்த்தை "அசையாதீங்க" என்பதால் மருத்துவமனையில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. "அசையாதீங்க சாப்பிடப் போயிட்டாரா?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இயந்திரம் படத்தோடு ஓரத்தில் ஒரு குறிப்பும் போடும். அவ்வப்போது அது வேண்டுமென்றே குருட்டுப் புள்ளியின் மேல் ஒரு வெளிச்சத்தைக் காட்டும். கண் நிலையாக இருந்தால் அது தெரியக் கூடாது. ஆள் பொத்தானை அழுத்திவிட்டால், பார்வை அலைகிறது என்று அர்த்தம். ஒரு கோடு விழும். மனிதர்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயங்கள் எல்லாம் இந்த ஓரக் குறிப்பிலிருந்து வந்தவை. ரிட்டயர்டு நீதிபதி ஒருவர் பதினைந்துக்கு ஒன்பது அலைந்தார். கீரை விற்கும் ஒரு பெண்மணி பதினைந்துக்குப் பூஜ்யம். அன்றிலிருந்து அவர் கீரையை அவளிடம்தான் வாங்கினார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் செய்த தப்பு இரண்டே. இரண்டும் ஒரே தப்பு. வலக்கண் முடிந்ததும் மூடியை மாற்ற மறந்து, இடக்கண் என்று நினைத்து அதே வலக்கண்ணை மறுபடியும் சோதித்துவிட்டார். இரண்டு தாள்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்தன. முதல் தடவை டாக்டரம்மா சிரித்தார். இரண்டாம் தடவை மேலாளர் மெமோ கொடுத்தார். மெமோ மேஜை இழுப்பறையில், மஞ்சள் உறையில், இன்னும் இருந்தது. அவரிடம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கண்ணழுத்த நோய்க்காரர்கள். அவர்களுடைய இரண்டு தாள்களும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது. ஆகவே, இரட்டையர் என்றால் மெமோ. இது அவர் மனதில் ஆணி அடித்து மாட்டிய படம்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு அவருடைய மச்சினன், கையில் ஒரு ஃபைலோடு, கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். வரும்போதே இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான்.

"என்ன மாமா, குகைக்குள்ள கரண்ட் பில் மிச்சமா?"

"நீ பாத்து வாடா."

மச்சினன் அந்த மருத்துவமனையின் வேன் டிரைவர். ஊர் ஊராகப் போய்ப் பார்வை மங்கியவர்களை ஏற்றி வருவதும், அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு இருப்பவர்களை மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அசையாதீங்கதான். அதாவது, மனைவி வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். அவர் மேலாளர் அறை வாசலில் நாலு நாள் நின்றார்.

மூன்று வாரத்தில் வேன் மூன்று முறை இடித்துவிட்டது. முதலில் கேட்டின் தூண். அப்புறம் நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள். அப்புறம் டாக்டரம்மாவின் காரே. மூன்றும் இடப்பக்கம். மேலாளர் மூக்கை அருகில் கொண்டுவந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்காததால் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபைல் என் மேஜையில இருக்கணும். நல்லா இருக்குன்னு எழுதியிருந்தா ஓட்டட்டும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற ஆளு."

பதிவுக் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்: "எந்தக் கண்ணுல பிரச்சனை?"

"இடது பக்கம் கொஞ்சம் டல்லா இருக்கு" என்றான் மச்சினன்.

படிவத்தில் மூன்று கட்டங்கள். வலக்கண், இடக்கண், இரண்டும். 'பக்கம்' என்று கட்டம் கிடையாது. அவள் இடக்கண்ணில் டிக் அடித்தாள்.

அதன் பிறகு இடக்கண்ணைப் பார்க்காத ஆளில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரியை இடக்கண்ணாலும் படித்தான், வலக்கண்ணாலும் படித்தான். லென்ஸ் தெளிவு. அழுத்தம் சரி. விழித்திரை ரோஜாப்பூ. டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்கியது. ஜூனியர் டாக்டர் ஃபைலில் 'கண்கள் மிக நல்ல நிலையில்' என்று எழுதி, அதன் அடியில் கோடும் போட்டிருந்தார். அந்தக் கட்டடத்துக்கு அன்று வந்திருந்த முந்நூறு பேரில் கண்ணில் குறையே இல்லாதவன் அவன் ஒருவன்தான். மிச்சமிருந்தது ஒரே ஒரு சடங்கு: ஃபீல்டு டெஸ்ட், அதாவது அசையாதீங்கவின் கிண்ணம்.

"அக்கா போன் பண்ணிச்சா?" என்று கேட்டான் மச்சினன், தாடையைக் கிண்ணத்தில் வைத்தபடி.

பண்ணியிருந்தாள். "ஏங்க, உங்க கையிலதான் இருக்கு. என் தம்பி வேலை போச்சுன்னா அப்புறம் நீங்க வீட்டுலயும் அசையாம உக்காந்துக்கலாம், சோறு வராது" என்றிருந்தாள். மிஷின் படம் போடுகிறது, நான் போடுவதில்லை என்று அவர் விளக்கியதற்கு, "மிஷினுக்கு கரண்ட் போடறது யாரு?" என்று கேட்டிருந்தாள்.

"பேசாதே. அசையாதே" என்றார்.

வலக்கண் முடிந்தது. மூடியை மாற்றினார். இடக்கண் முடிந்தது. மூன்று இருபத்தைந்துக்கு இரண்டு தாள்களும் கையில் இருந்தன. சொந்தக்காரன் விவகாரம் என்பதால் அவசரம். உதறவும் இல்லை, பேனாவை எடுக்கவும் இல்லை. நேராகப் படத்தைப் பார்த்தார்.

இரட்டையர்.

இரண்டு தாளிலும் இடது பாதி கறுப்பு. அளவுகோல் வைத்து நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் மை பூசியது போல. கோட்டை ஒட்டி மையத்தில் மட்டும் ஒரு கை நகம் அளவுக்கு வெளுப்பு. இரண்டிலும் அதே நகம். முதலில் அவருக்கு நினைவு வந்தது மூளையும் அல்ல, நரம்பும் அல்ல. மஞ்சள் உறை.

"மூடிய மாத்தினேன் இல்ல?"

"மாத்துனீங்க. இல்ல, மாத்துனீங்களா? இருட்டுல என்ன தெரியுது. ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. ஒரே கண்ணை ரெண்டு தடவை எடுத்துட்டேன் போல."

அதிலும் ஓரக் குறிப்பு வேறு. இடக்கண் தாளில் பார்வை அலைந்தது பதினாறுக்குப் பூஜ்யம். கீரைக்காரிக்குப் பிறகு அவர் அறையில் விழுந்த சுத்தமான பூஜ்யம் அதுதான். தன் மச்சினனுக்கு இப்படியொரு ஒழுக்கமா என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது.

"அப்ப நாளைக்கு மறுபடி எடுத்துக்கலாமே. நாலு மணிக்கு வேன் கிளம்பணும். பன்னெண்டு பேர் கட்டோட உக்காந்திருக்காங்க, டீ கூட குடிச்சாச்சு" என்றான் மச்சினன். "மேனேஜர்கிட்ட மிஷின் ரிப்பேர்னு சொல்லிடுங்க. ஒரு நாள்தானே."

ஒரு நாள்தான். அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. மெமோவும் இல்லை, சோறும் உண்டு. முதல் தாளை ஃபைலில் செருகினார். இரண்டாவதைக் கிழிக்கலாம் என்று எடுத்தார். மச்சினன் திரையை விலக்கி, தோளை இன்னொரு முறை இடித்து, "இந்தக் கதவு வேற" என்று திட்டிக்கொண்டே போனான்.

கிழிப்பதற்கு முன் கை தன் பழக்கத்தைச் செய்தது. உதறியது. பேனா மூடி தாளில் இறங்கியது.

இது வலக்கண்ணின் இரண்டாம் பிரதி என்றால், பொட்டு வலப்புறம் இருக்க வேண்டும். வலப்புறம் வெளிச்சமாக இருந்த பாதியில் தேடினார். இல்லை. சுத்தமாக இல்லை. ஃபைலில் இருந்த முதல் தாளை இழுத்துப் பார்த்தார். அதில் இருந்தது, வெளிச்சமான பாதியில், வலப்புறம், கொஞ்சமே கொஞ்சம் கீழே, ஒழுங்காக 'உள்ளேன் ஐயா' என்றது. இரண்டாம் தாளில் மட்டும் பொட்டு வராமல் போய்விட்டது.

வராமல் போகவில்லை. அது இடப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் முழுக்க இருட்டாக இருந்ததால் இருட்டுக்குள் இருட்டாகக் கிடந்தது. ஆக அது இடக்கண்தான். மூடி மாற்றப்பட்டிருந்தது. பூஜ்யத்துக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது: குருட்டுப் புள்ளியில் காட்டிய வெளிச்சம் மட்டுமல்ல, அந்தப் பக்கம் எங்கே காட்டியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒழுக்கம் அல்ல, இல்லாமை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பரீட்சைக்கு எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துபோனது ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

இரண்டு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூக்கோரத்து விழித்திரையின் இழைகள் அங்கே எதிர்ப்பக்கம் தாவுகின்றன. காதோரத்து இழைகள் தாவாமல் தங்கள் பக்கத்திலேயே போகின்றன. விழித்திரையில் படம் இடவலம் மாறி விழுவதால், சந்திப்பைத் தாண்டிய பிறகு கணக்கு நேராகிவிடுகிறது: எந்தக் கண் பார்த்தாலும் இடப்பக்கத்து உலகம் வலது மூளைக்கு, வலப்பக்கத்து உலகம் இடது மூளைக்கு. நடுவில் ஒரு நிலையத்தில் வண்டி மாறி, அங்கிருந்து விசிறியாக விரிந்து, மண்டையின் பின்கோடிக்குப் போய்ச் சேர்கின்றன. தலைவாரும்போது சீப்பு கடைசியாகத் தொடும் இடத்துக்கு உள்ளே. நாம் பார்ப்பது அங்கேதான். கண் வெறும் வாசல்.

சந்திப்புக்கு முன்னால் கெட்டால் ஒரு கண் மட்டும் போகும். சந்திப்பிலேயே ஏதாவது வளர்ந்து அழுத்தினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் போகும், கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி. தாண்டிய பிறகு கெட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். அதிலும், பின்னால் போகப் போக இரு கண்களின் இழைகளும் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டுவிடுவதால், இரண்டு தாள்களும் மேலும் மேலும் ஒன்றுபோல ஆகும். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், கோளாறு மண்டையின் பின்சுவரில். நடுவில் தப்பிய அந்த நகக்கீற்றும் அதையேதான் சொல்கிறது.

இரட்டையர் அவருடைய தப்பல்ல. இரட்டையர்தான் முகவரி.

சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டு காட்டியது. பத்தொன்பது வருஷம் பிறரை அசையாதீங்க என்று சொன்னவர், அன்று இரண்டு மாடிப் படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி இறங்கியதை லிஃப்ட் ஆபரேட்டர் பிறகு பலரிடம் சொன்னார், யாரும் நம்பவில்லை.

வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு வெள்ளைக் கட்டோடு. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் வலக்கண்ணில் கட்டுடன் ஒரு தையல்காரர், மடியில் மருந்துப் பையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இறங்குடா."

"என்ன மாமா, அக்கா ஏதாச்சும்..."

"இறங்கு. இங்க நில்லு. வலது கையால வலது கண்ண மூடு. என் மூக்கப் பாரு."

"உங்க மூக்கையா? இத்தன பேர் முன்னாடி?"

"பாருடா."

அவர் ஒரு முழ தூரத்தில் அவனுக்கு எதிரே நின்று, அவன் இடப்பக்கத்தில் கையை நீட்டி இரண்டு விரல்களை ஆட்டினார். "எத்தன விரல்?"

மச்சினனின் கண் சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தது. "ரெண்டு."

"அசையாதே! மூக்கு, மூக்கு."

வேனிலிருந்த ஒரு பாட்டி, "என்னய்யா, அவருக்கும் ஆபரேஷனா?" என்று விசாரித்தாள்.

மறுபடியும் விரல். இந்த முறை கண் நகரவில்லை. "எங்க ஆட்டுறீங்க? ஆட்டுங்க" என்றான் மச்சினன். அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். கையை மெல்ல நடுப்பக்கம் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வந்ததும், "இப்ப வந்துச்சு" என்றான். கண்ணை மாற்றி மூடச் சொன்னார். அதே கதை, அதே இடத்தில் விரல் பிறந்தது. இரண்டு கண்ணையும் திறக்கச் சொன்னார். அப்போதும் அதே. ஒரு கண்ணில் குறை என்றால் மற்றக் கண் ஈடுகொடுத்திருக்கும். ஈடுகொடுக்க ஆளில்லை.

மச்சினன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கழன்றது. "கையே நீட்டாம நீட்டுனேன்னு சொல்றீங்களோன்னு நெனச்சேன்" என்றான்.

அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு திருட்டு போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலாளர் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "வண்டி இன்னும் போகலையா?"

"டிரைவர் இல்ல சார்."

"அங்க நிக்கிறது யாரு?"

"நோயாளி சார்."

ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டு வேனை அனுப்பினார்கள். அவர் மச்சினனைக் கையைப் பிடித்து, இடப்பக்கம் தான் நடந்து, டாக்டரம்மாவின் அறைக்கு அழைத்துப் போனார். நரம்பையும் கண்ணையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டரம்மா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மறுபடியுமா? ஒரே கண்ண ரெண்டு தடவ எடுத்திருக்கீங்களே. மெமோ போதலையா?"

அவர் பேனாவை எடுத்து, மூடியால் முதல் தாளில் பொட்டைத் தொட்டார். பிறகு இரண்டாம் தாளில் அது இல்லாத இடத்தைத் தொட்டார். இல்லாததைத் தொட்டுக் காட்டுவது அவருக்கு அதுவே முதல் முறை.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார். பிறகு மச்சினனிடம், "போன மாசம் எப்பவாவது தலைவலி வந்துச்சா? பின்பக்கம்?" என்று கேட்டார்.

வந்திருந்தது. வெயிலில் ஓட்டிய ஒருநாள், வலது பிடரியில், வாந்தியோடு. ஒரு மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்தான். சரியாகிவிட்டது. "அதுலேர்ந்துதான் ரோடு எல்லாம் கொஞ்சம் குறுகிப் போச்சு" என்றான், நகராட்சியைக் குறை சொல்லுகிற தொனியில்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். வலது மூளையின் பின்கோடியில் ரத்தம் போகாமல் இறந்துபோன ஒரு துண்டு, பேனா மூடி சொன்ன இடத்திலேயே. இதயம் தாளம் தப்பித் துடித்ததில் உறைந்த துளி ஒன்று மேலே போய் அடைத்திருந்தது. அடுத்த துளி எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். கண் மருத்துவமனையில் அவனிடம் இருந்த ஒரே நல்ல பொருள் கண் என்று டாக்டரம்மா ஃபைலில் வேறு வார்த்தைகளில் எழுதினார். ஜூனியர் டாக்டர் போட்ட அடிக்கோடு அப்படியே இருந்தது.

வேன் சாவி அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மேலாளர், மூச்சை முகர்ந்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, அவனைப் பதிவுக் கவுன்ட்டரில் போட்டார். முதல் வாரமே படிவத்தில் கையால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, 'பக்கம்' என்று எழுதினான். அச்சடித்த படிவத்தில் கிறுக்கியதற்கு அவனுக்கு ஒரு மெமோ வந்தது. மஞ்சள் உறை. மனைவி இரண்டு நாள் அசையாதீங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், நான்காம் நாள் அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிவந்தார்: "பாவம், அவனுக்கு எதுவுமே தெரியாது. இருட்டா இருந்தாத்தானே தெரியும்? அங்க இருட்டுகூட இல்ல. முதுகுக்குப் பின்னால என்ன தெரியுது, அந்த மாதிரி." இது சரியான விளக்கம். டாக்டரம்மாவே ஆமோதித்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தையல்காரர் வந்தார். வலக்கண் நன்றாகிவிட்டது; இடக்கண் அறுவைக்கு முன் ஒரு ஃபீல்டு டெஸ்ட். தாடையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த டிரைவர் தம்பி இப்ப வர்றதில்லையா? நல்ல பையன். கட்டோட போறப்ப எல்லாம் என்னை முன்னாடிதான் உக்கார வைப்பான்."

"அசையாதீங்க."

"எல்லாரையும் வைக்க மாட்டான். வண்டியில ஏத்தும்போதே கேப்பான், யாருக்கு வலது கண்ணுல கட்டுன்னு. இடது கண்ணுல கட்டுப் போட்டவங்கள முன்சீட்டுக்கு விடவே மாட்டான். முன்சீட்டுல உக்கார்றவங்ககிட்ட கெளம்புறதுக்கு முன்னாடி சொல்லுவான். 'அண்ணே, இடது பக்கம் ஏதாச்சும் வந்தா மட்டும் சத்தமா சொல்லுங்க'ன்னு."